சஞ்சீவி மலை மருத்துவமனை ஸ்டோருக்கு வந்தால்: 40 விநாடி நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதிகாசத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகள் இருக்கின்றனவே, எதை எடுத்தால் 40 விநாடியில் முடியும்?

இதிகாச நிகழ்ச்சி ஒன்றை இன்றைய வேலைக்களத்தில் நடக்கும் 40 விநாடி நகைச்சுவை நாடகமாக்க வேண்டுமென்றால், அனுமன் மருந்து மலையைத் தூக்கி வந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறேன். 40 விநாடியில் முன்கதை சொல்ல நேரம் கிடையாது. ஆகவே பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரே ஒரு படமாகப் பதிந்திருக்கும் நிகழ்ச்சிதான் நமக்குப் பயன்படும். கையில் மலையோடு வானில் பறக்கும் அனுமனைக் காலண்டரிலும் கோயில் சுவரிலும் பார்க்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. அலுவலக வராந்தாவில் ஒருவர் தேவைக்கு மிஞ்சிய பெரிய பொருளைத் தள்ளிக்கொண்டு வரும் அந்தக் கணத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே பார்வையாளர் மனத்தில் அந்தப் படம் எழுந்துவிடும்.

இந்த நிகழ்ச்சிக்கு வேலைக்கள நாடகத்துக்கான அமைப்பு இயல்பாகவே பொருந்தியிருக்கிறது. ஒரு மூத்தவர் நான்கு பொருள் கேட்கிறார், ஒரு கெடு வைக்கிறார், போனவர் பொருள் கைக்கு வராத நிலையைச் சந்திக்கிறார், பிறகு தானே ஒரு முடிவெடுக்கிறார். இதற்கு மேல் நாம் எதையும் கற்பனை செய்து சேர்க்க வேண்டியதில்லை.

சாமியை வைத்துக் காமெடி செய்தால் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட மாட்டார்களா?

சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. நம்முடைய நாடகத்தில் சிரிப்பு முழுவதும் ஸ்டோரில் மருந்து கேட்டு எழுதிக்கொடுக்கும் இண்டெண்ட் சீட்டு, ரிஜிஸ்டர், கணினித் திரை ஆகியவற்றின்மீது விழ வேண்டும். அனுமனின் இடத்தில் நிற்கும் இளைஞரின் செயல் பார்ப்பவருக்கு வியப்பையும் அன்பையும் தர வேண்டும். அவருடைய வேகத்துக்கும் பற்றுக்கும் முன்னால் அலுவலக நடைமுறை மிகச் சிறியதாகிப் போவதுதான் இங்கே நகைச்சுவை. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த வரியில் சின்னவராவது யார்? விடை ஒருமுறையாவது அந்த இளைஞர் என்று வந்தால், வரி எவ்வளவு சிரிப்பைத் தந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

மூலிகை எது என்று தெரியாமல்தானே அவர் மலையையே தூக்கி வந்தார்? அதுதானே காமெடி?

நாடகம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். வால்மீகி ராமாயணத்தின் யுத்த காண்டத்தில் மலை இரண்டு முறை வருகிறது. முதல் முறை, இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் ராம லட்சுமணரும் வானர சேனையும் வீழ்ந்து கிடக்கும்போது, ஜாம்பவான் நான்கு மூலிகைகளின் பெயரைச் சொல்லி அனுமனை அனுப்புகிறார். மிருதசஞ்சீவனி, விசல்யகரணி, சாவர்ண்யகரணி, சந்தானகரணி என்பவை அந்த நான்கு. அனுமன் போய்ச் சேர்ந்ததும், யாரோ தங்களை எடுக்க வருகிறார் என்று அறிந்து மூலிகைகள் தாமாகவே மறைந்துகொள்கின்றன. அதன் பிறகே அவர் சிகரத்தைப் பெயர்க்கிறார். இரண்டாம் முறை, ராவணனின் வேலால் லட்சுமணன் வீழ்ந்தபோது, வானர மருத்துவரான சுஷேணன் சொல்லி அனுமன் போகிறார். அங்கே மூலிகையை இன்னதென்று பிரித்தறிய இயலவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். ஆனால் வெறுங்கையோடு திரும்பினாலும், நின்று தேடினாலும் காலம் கடந்து கேடு விளையும் என்று எண்ணித்தான் சிகரத்தைக் கொண்டுவருகிறார்.

கம்பர் இதை இன்னும் கூர்மையாக வைக்கிறார். மருத்துமலைப் படலத்தில், இங்கே நின்றுகொண்டு எது எந்த மருந்து என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் காலம் குறைந்துவிடும் என்று உணர்ந்த சிந்தையோடு அனுமன் மலையை வேரோடு அங்கையில் தாங்கிக்கொள்கிறார். அதாவது, மலையைத் தூக்கியது கையிருப்பு நேரத்தைக் கணக்கிட்டு எடுத்த முடிவு. அறியாமையால் செய்த அசட்டுத்தனம் என்ற பார்வைக்கு இரண்டு நூல்களிலும் இடமில்லை.

ஆகவே நம் இளைஞர் தலையைச் சொறியக் கூடாது. சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கக் கூடாது. டாக்டரின் கையெழுத்து புரியவில்லை என்ற நகைச்சுவை கைக்கு எளிதாக வரும், பலரும் முதலில் அதைத்தான் எழுதுவார்கள். அதையும் விட்டுவிடுங்கள். மூலிகை மறைந்துகொண்டது என்ற முதல் முறைச் செய்தியை எடுத்துக்கொண்டால், இன்றைய அலுவலகத்தில் அதற்கு நேரான ஒன்று தயாராகவே இருக்கிறது: பொருள் அலமாரியில் இருக்கும், கணினியில் இருப்பு இல்லை என்று காட்டும்.

ஐ.டி. கம்பெனியில் நடப்பதாக வைத்தால் என்ன?

வைக்கலாம், ஆனால் அங்கே எதுவும் உயிர் போகிற அவசரமாகத் தோன்றாது. மூலக் கதையில் விடிவதற்குள் மருந்து வந்தாக வேண்டும். அந்தக் கெடு இல்லாவிட்டால் மலையைத் தூக்குவது வெறும் முரட்டுத்தனமாகத் தெரியும். மருத்துவமனையில் இரவுப் பணி, கீழ்த்தளத்தில் மருந்து ஸ்டோர், மேலே ஐ.சி.யூ. என்று வைத்தால் கெடுவும் மருந்தும் அப்படியே கிடைத்துவிடுகின்றன, மாற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இண்டெண்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே சூழல் முழுவதும் கண்முன் வந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

40 விநாடிக்கு எவ்வளவு வசனம் எழுதலாம்?

என் அனுபவத்தில் 40 முதல் 45 சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இயல்பாகப் பேசும்போது, முகபாவத்துக்கும் இடைவெளிக்கும் இடம் விட்டு, 10 விநாடிக்கு 16 அல்லது 17 சொற்களுக்கு மேல் வாயில் நிற்பதில்லை. 40 விநாடியில் 14 விநாடியாவது பேச்சில்லாமல் போக வேண்டும், ஏனென்றால் இந்த நாடகத்தின் உச்சம் வசனத்தில் இல்லை. மருந்து அடுக்கிய ரேக்கையே இளைஞர் தள்ளிக்கொண்டு வரும் காட்சியில் இருக்கிறது. மிச்சமுள்ள 26 விநாடிக்குள் வசனம் அடங்கியாக வேண்டும்.

மனத்துக்குள் வாசித்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். வாய்விட்டு, எதிரில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் படியுங்கள். மனத்துக்குள் 25 விநாடி எடுத்தது நடித்துப் பார்க்கும்போது எளிதாக 40-ஐத் தொட்டுவிடும். நேரம் கூடினால் வேகமாகப் பேசச் சொல்லாதீர்கள், ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

முழு ஸ்கிரிப்டையும் போட முடியுமா?

கீழே இருக்கிறது. வசனம் மட்டும் 42 சொற்கள்.

*0 – 6 விநாடி. ஐ.சி.யூ. வாசல். தலையில் கட்டுடன் சக்கர நாற்காலியில் இருக்கும் மூத்த டாக்டர், இன்டர்காமில்.*

டாக்டர்: நாலு மருந்து. விடியறதுக்குள்ள வேணும். டூட்டியில அந்தத் தம்பிதானே? அப்ப சரி.

*7 – 18 விநாடி. மருந்து ஸ்டோர். இளைஞர் சீட்டை நீட்டுகிறார். ஸ்டோர்கீப்பர் திரையைப் பார்க்கிறார்.*

இளைஞர்: அண்ணே, நாலு மருந்து. அவசரம்.

ஸ்டோர்கீப்பர்: ஸ்டாக் இல்லைன்னு காட்டுதுப்பா.

இளைஞர்: இந்த ரேக்லதான் அண்ணே இருக்கும்.

ஸ்டோர்கீப்பர்: இருக்கும். ஆனா கம்ப்யூட்டர்ல இல்லையே. பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து திறப்பாரு.

*19 – 23 விநாடி. பேச்சில்லை. இளைஞர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்: 5.10. பூட்டிய கம்பிக் கதவு போட்ட ரேக்கைப் பார்க்கிறார். அதன் அடியில் உள்ள சக்கரங்களைப் பார்க்கிறார்.*

*24 – 30 விநாடி. வராந்தா. சக்கரச் சத்தம். ரேக் முழுவதும் நகர்ந்து வருகிறது. பின்னால் ரிஜிஸ்டருடன் ஸ்டோர்கீப்பர் ஓடி வருகிறார்.*

ஸ்டோர்கீப்பர்: தம்பி! இண்டெண்ட்ல நாலுன்னுதானே போட்டிருக்கு!

இளைஞர்: நாலும் இதுலதான் அண்ணே இருக்கு.

*31 – 34 விநாடி. டாக்டர் தன்னிடமுள்ள சாவியால் ரேக்கைத் திறந்து நான்கு பெட்டிகளை எடுக்கிறார். உள்ளேயிருந்து மானிட்டரின் ஒலி சீராகிறது.*

*35 – 40 விநாடி. ஸ்டோர். ரேக் தரையிலுள்ள பழைய தடத்தில் சரியாக வந்து நிற்கிறது. இளைஞர் கும்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார். ஸ்டோர்கீப்பர் திரையைப் பார்த்துத் திகைக்கிறார்.*

ஸ்டோர்கீப்பர்: தம்பி... இப்பக் காட்டுது, நாலு இருக்குன்னு!

டாக்டரின் முதல் வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வால்மீகியில் ஜாம்பவான் தாமே அம்புகளால் அடிபட்டு, கண் திறந்து பார்க்க இயலாமல் கிடக்கிறார். விபீஷணனைக் குரலை வைத்தே அடையாளம் காணும் அவர், முதலில் கேட்பது அனுமன் உயிரோடு இருக்கிறாரா என்பதைத்தான். ராமரைக் கேட்காமல் இவரைக் கேட்கிறீர்களே என்று விபீஷணன் வியக்கும்போது, அனுமன் இருந்தால் சேனை அழிந்தாலும் அழியாததே என்கிறார். தலையில் கட்டும், "டூட்டியில அந்தத் தம்பிதானே?" என்ற கேள்வியும் அங்கிருந்து வந்தவை. கதை தெரிந்த பெரியவர் ஒருவர் இந்த வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். நாடகம் மூலத்தைப் படித்துவிட்டு எழுதப்பட்டது என்று அவருக்கு அந்த ஆறு விநாடியிலேயே தெரிந்துவிடுகிறது.

மலையைத் திருப்பி வைக்கும் காட்சி தேவையா? தூக்கி வந்ததோடு முடித்தால் நேரம் மிச்சமாகுமே.

தேவை. எல்லோரும் எழுந்த பிறகு அனுமன் மலையை எடுத்துப்போய் அதன் இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவதாக வால்மீகி முதல் முறை நிகழ்ச்சியை முடிக்கிறார். பொதுவாகக் கதை சொல்லுகிறவர்கள் விட்டுவிடும் இந்தப் பகுதி நமக்கு இரண்டு வகையில் உதவுகிறது. இளைஞர் விதியை மீறிய முரடர் என்ற எண்ணம் எவருக்காவது இருந்தால், தரையிலுள்ள தடத்தில் ரேக்கை அவர் ஒட்டி நிறுத்தும்போது அது நீங்கிவிடும். கடைசிச் சிரிப்பையும் ஸ்டோர்கீப்பரின் திரைமீது இறக்க முடிகிறது: மருந்து இருந்தபோது மறைத்த கணினி, மருந்து போன பிறகு இருக்கிறது என்று காட்டுகிறது. மறைந்துகொண்ட மூலிகையின் குணம் அந்தத் திரைக்கு வந்துவிட்டது என்று மூலம் தெரிந்தவர்கள் கூடுதலாக ஒரு சுற்றுச் சிரிப்பார்கள்.

அந்தத் தம்பிக்கு ஆஞ்சநேயன் என்று பேர் வைக்கலாமா? வாலோ கதாயுதமோ காட்டலாமா?

வேண்டாம். பெயர் வைத்தால் உடன் பணிபுரிபவர் அவரை "டேய்" என்று அழைக்கும் வாய்ப்பு நடிப்பின் போக்கில் எப்படியாவது உள்ளே வந்துவிடும், பக்தர் காதில் அது சுருக்கென்று தைக்கும். தம்பி, அண்ணே என்ற உறவுச் சொற்களோடு நிறுத்திக்கொண்டால் மரியாதையும் இருக்கும், அலுவலக வாடையும் இருக்கும். வால், குரங்குச் சேட்டை, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு இங்கே வேலையே இல்லை. ராமரே முதல் சந்திப்பில் "சொல்லின் செல்வன்" என்று வியந்ததாகக் கம்பர் பாடியவர் அவர். ஆகவே இளைஞரின் மூன்று வரிகளும் தடுமாற்றமின்றி, பணிவாக, அளவாக வர வேண்டும். நடிகர் எவ்வளவு குறைவாகச் செய்கிறாரோ அவ்வளவு நல்லது.

ராமர், லட்சுமணர் இடத்தில் யார்?

யாரையும் காட்டாதீர்கள். மூடிய ஐ.சி.யூ. கதவும் மானிட்டர் ஒலியும் போதும்.

வழியில் மலைத்துண்டு விழுந்த கதையையும் சேர்க்கலாமா?

அழகான எண்ணம்தான். திண்டுக்கல் அருகே சிறுமலையையும், ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையையும், இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள ருமஸ்ஸலைக் குன்றையும் அப்படி விழுந்த துண்டு என்றே அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். வராந்தாவில் ரேக்கிலிருந்து ஒரு பெட்டி விழுவது அந்த நம்பிக்கைக்கு நேரான காட்சி. ஆனால் இன்றைய கண்ணுக்கு, மருந்துப் பெட்டி தரையில் விழுந்தால் கொண்டுபோகிறவர் கவனக்குறைவானவர் என்றுதான் முதலில் படும். அதைச் சரிசெய்ய இன்னும் 3 விநாடி வேண்டும், நம்மிடம் அது இல்லை. அந்த ஊர்ப் பார்வையாளர்களுக்காகவே நடத்துகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு வெற்று அட்டைப்பெட்டியை விழவிட்டு, அதை ஒரு செவிலியர் இரு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதாக வையுங்கள். அதற்கு ஈடாக கடிகாரத்தைப் பார்க்கும் காட்சியைச் சுருக்க வேண்டியிருக்கும்.

பார்த்தவர்கள் மனம் நோகவில்லை என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

"பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். ஸ்டோர்கீப்பரையோ கணினியையோ சொன்னால் நாடகம் சரியாக இருக்கிறது. "அந்தப் பையனை" என்று ஒருவர் சொன்னாலும் எந்த விநாடியில் என்று கேட்டு, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

நானே இதில் தவறியிருக்கிறேன். ஓர் அலுவலக ஆண்டு விழாவுக்காக இதன் முதல் வடிவத்தை ஒத்திகை பார்த்தபோது, இளைஞராக நடித்தவர் ரேக்கின் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கி, இரண்டு கையையும் விரித்தார். இரண்டு விநாடிகூட இருக்காது, அறையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஓரமாக அமர்ந்திருந்த உடன் பணியாளரின் தாயார், நாள் தவறாமல் சுந்தர காண்டம் வாசிக்கிறவர், சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "அவருக்குத் தெரியாதாப்பா?" என்று மட்டும் கேட்டார். கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அன்று மாலை யுத்த காண்டத்தை எடுத்து அந்தப் பகுதியை முழுமையாகப் படித்தேன். மேலே சொன்ன மறைந்துகொண்ட மூலிகைகளையும் கம்பரின் காலக் கணக்கையும் அப்போதுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். கையை விரித்த அந்த இரண்டு விநாடி, கடிகாரத்தைப் பார்க்கும் பார்வையாக மாறியது. மறு ஒத்திகையில் ரேக் நகரத் தொடங்கியபோது அந்த அம்மா கைதட்டினார், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

உறுத்தலை முகத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒத்திகையின்போது மேடையைப் பார்க்காமல் பார்வையாளர்களைப் பாருங்கள். சிரிப்பு வரும் இடத்தில் ஒருவர் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தால், சிரிக்கலாமா என்று அனுமதி தேடுகிறார் என்று பொருள். அந்த வரியில் ஏதோ பிழை இருக்கிறது.

கதையே தெரியாதவர் பார்த்தால் புரியுமா?

ஸ்டோர், கணினி, ரேக் என்ற அளவில் புரியும், சிரிக்கவும் செய்வார்கள். இறுதியில் விளக்க வாசகம் எதுவும் போடாதீர்கள், தெரிந்தவர்களின் மகிழ்ச்சியை அது கெடுத்துவிடும். வேண்டுமானால் நாடகத்துக்கு "மருத்துமலை" என்று பெயர் வையுங்கள். அறிவிப்பாளர் அதை ஒருமுறை சொன்னால் போதும்.

சக்கரம் வைத்த ரேக்குக்கு எங்கே போவது?

புத்தகங்களையோ துணிகளையோ வைக்கும் இரும்பு அலமாரி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, முன்பக்கம் கம்பி வலையைக் கட்டி, வெற்று அட்டைப்பெட்டிகளை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளலாம். நடிப்பவரின் தலைக்கு மேல் ஒரு முழமாவது உயரம் இருந்தால்தான் மலை என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வரும், இடுப்பளவு வண்டி உதவாது. மேலே கனமாக எதையும் வைக்காமல் கீழ்த்தட்டில் மட்டும் இரண்டு செங்கற்களை வைத்தால் திருப்பத்தில் சாயாது. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள், அந்தக் கிறீச்சொலி 24-ஆம் விநாடியில் ரேக்குக்கு முன்பே வந்து சேர வேண்டும்.